ஜக்கோபியனுக்கு நாலு மார்க்

பதினான்காவது கேள்விக்குப் பன்னிரண்டு மார்க். அதில் நாலு மார்க்குக்காக ஒருத்தி தன் வேலையையே பணயம் வைத்தாள் என்று சொன்னால், கேட்கிறவர்கள் அவளைப் பிழைக்கத் தெரியாதவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள், கையில் சிவப்புப் பேனாவோடு.

கூடம் என்றால் பெரிய கூடம்தான். கல்லூரியின் தேர்வு மண்டபத்தையே பரீட்சை முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் இடமாக மாற்றியிருந்தார்கள். நீள மேசைகள், மேசைக்கு ஆறு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. கட்டுக்கு இருபது விடைத்தாள். மேலே ஒரு பழுப்பு அட்டை. திருத்தி முடித்ததும் அந்த அட்டையில் அச்சடித்திருக்கும் வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும்: "அங்கீகரிக்கப்பட்ட விடைக்குறிப்பின்படி திருத்தப்பட்டது." கையெழுத்து இல்லாத கட்டை உள்ளே வாங்க மாட்டார்கள்.

அவளுக்கு மற்றவர்கள் வைத்திருந்த பெயர் டெரிவேஷன். எந்தச் சூத்திரத்தையும் எங்கிருந்து வந்தது என்று வருவித்துப் பார்க்காமல் வகுப்பில் சொல்ல மாட்டாள் என்பதால் வந்த பட்டம். கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். புள்ளியியல் துறையில் ஒப்பந்த விரிவுரையாளர். நான்கு வருஷம் முடிந்துவிட்டது. ஐந்தாம் வருஷத்துக்கு நீட்டிப்புக் கிடைத்தால், அதற்குப் பிறகு நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த நீட்டிப்புக் கோப்பு துறைத் தலைவரின் மேசையில் இருந்தது. அந்தத் துறைத் தலைவரேதான் இந்தக் கூடத்துக்கும் தலைமைத் திருத்துநர். எல்லோரும் அவரை சீஃப் என்று கூப்பிட்டார்கள். 'கீ' என்று எல்லோரும் சொல்கிற விடைக்குறிப்பைத் தயாரித்ததும் அவர்தான். எல்லா வழியும் ஒரே கதவில் போய் முட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி இதுதான். X, Y இரண்டும் ஒன்றையொன்று சாராத எக்ஸ்போனென்ஷியல் மாறிகள், இரண்டுக்கும் சராசரி ஒன்று. ஒரே கம்பெனியின் இரண்டு பல்புகள் எவ்வளவு காலம் எரிகின்றன என்று நினைத்துக்கொண்டால் போதும். U என்பது இரண்டின் கூட்டுத்தொகை, V என்பது முதலாவதை இரண்டாவதால் வகுத்த விகிதம். U, V இரண்டின் கூட்டு அடர்த்தியைக் கண்டுபிடி, அவை ஒன்றையொன்று சாராதவையா என்று சொல்.

முதல் கட்டில் நான்காவது விடைத்தாள். கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஆனால் கணக்கு சுத்தமாக இருந்தது. x என்பது uv-ஐ (1+v)-ஆல் வகுத்தது, y என்பது u-வை (1+v)-ஆல் வகுத்தது. நான்கு பகுதி வகைக்கெழுக்கள், அணிக்கோவை, கடைசியில், மாறிகளை மாற்றும்போது பெருக்க வேண்டிய எண்ணான ஜக்கோபியனின் அளவு u/(1+v)². எனவே கூட்டு அடர்த்தி u·e⁻ᵘ/(1+v)². டெரிவேஷனுக்கு மனசு குளிர்ந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு விடைக்குறிப்பைப் பார்த்தாள்.

விடைக்குறிப்பில் இப்படி இருந்தது: தலைகீழ் உருமாற்றம், 2 மார்க். ஜக்கோபியன் = u, 4 மார்க். கூட்டு அடர்த்தி u·e⁻ᵘ, u>0, v>0, 3 மார்க். சாராதவை, காரணத்துடன், 3 மார்க்.

முதலில் அவள் தன்னைத்தான் சந்தேகித்தாள். நல்ல கணக்குக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி அது. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள். x-ஐ u-வால் வகையிட்டால் v/(1+v). v-யால் வகையிட்டால் u/(1+v)². y-யை u-வால் வகையிட்டால் 1/(1+v). v-யால் என்றால் மைனஸ் u/(1+v)². குறுக்கே பெருக்கிக் கழித்தால் மைனஸ் u(1+v)/(1+v)³. அதாவது மைனஸ் u/(1+v)². குறியை விட்டால் u/(1+v)². கோழிக் கிறுக்கல்தான் சரி. அச்சடித்ததுதான் தப்பு.

பக்கத்து நாற்காலிக்காரருக்கு டிக் என்று பெயர். இருபது விடைத்தாளை ஒரு மணி நேரத்தில் டிக் டிக் என்று போட்டுத் தள்ளிவிடுவார். நல்ல மனுஷர்தான், அவசரக்காரர்.

"சார், பதினாலாவது கேள்விக்கு உங்க கட்டுல என்ன எழுதியிருக்காங்க?"

"கீயில இருக்கிற மாதிரியேதான் எழுதியிருக்காங்க. பதிமூணு பேரு u-ன்னே போட்டிருக்காங்க. புள்ளைங்க இந்த வருஷம் நல்லாப் படிச்சிருக்காங்க."

"எப்படி சார் பதிமூணு பேரும் ஒரே தப்பைப் போடுவாங்க?"

"தப்பா?" டிக் பேனாவை நிறுத்தினார். அது அபூர்வமான காட்சி.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. போன வருஷக் கேள்வி! போன வருஷம் கேட்டது கூட்டுத்தொகையும், கூட்டுத்தொகையில் முதலாவதன் பங்கும். அங்கே x = uv, y = u(1−v), ஜக்கோபியன் u. v பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் மட்டும். விடை u·e⁻ᵘ. அது முழுக்கச் சரி. இந்த வருஷம் கேள்வி திரும்ப வரக் கூடாது என்று பங்கை விகிதமாக மாற்றியிருக்கிறார்கள். விடைக்குறிப்பில் முதல் வரியை மாற்றினார்கள், v-யின் எல்லையை மாற்றினார்கள், ஜக்கோபியனை மாற்றவில்லை. போன வருஷ விடையை மனப்பாடம் செய்தவனுக்கு முழு மார்க். உட்கார்ந்து யோசித்துப் போட்டவனுக்கு ஐந்து மார்க். இதைவிட அநியாயம் வேறு வேண்டுமா? அவளுக்குக் காதுமடல் சூடாகியது.

சீஃபின் மேசை கூடத்தின் முன்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே. அவள் தாளை நீட்டியதும் அவர் அதைப் படித்தார். இரண்டு வரிக்கு மேல் தேவைப்படவில்லை. அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள், பிறகு பழையபடி ஆனதையும் பார்த்தாள்.

"கீயில என்ன இருக்கோ அதுக்கு மார்க் போடுங்க, மேடம்."

"கீ தப்பு சார்."

"போர்டு ஒப்புக்கிட்ட கீ. நாலு சென்டர்ல இதே கீயை வச்சுத்தான் திருத்துறாங்க. இங்க ஒருத்தர் மட்டும் வேற மாதிரி திருத்தினா ஒரே சீரா இருக்காது."

"சீரா தப்பா இருக்கிறது பரவாயில்லையா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாருங்க. ஜக்கோபியன் எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? கேள்வியை மாத்தினேன், ஒரு வரி விட்டுப்போச்சு. மனுஷன்தானே. உங்க கட்டுல சரியாப் போட்டவங்களுக்கு மார்க் போட்டுக்கோங்க, நான் கண்டுக்க மாட்டேன். இதைப் பெருசாக்காதீங்க."

"மத்த மூணு சென்டர்ல சரியாப் போட்டவங்க?"

"அவங்களைப் பத்தி உங்களுக்கு என்ன கவலை?" என்றார். பிறகு, சம்பந்தமே இல்லாதது போல, "உங்க ஃபைல் வெள்ளிக்கிழமை மேலே போகணும். ஞாபகம் இருக்கில்ல?" என்றார்.

சம்பந்தம் இல்லாமல் எதையும் பேசுகிற ஆள் இல்லை அவர்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளிக் கேட்டுக்குப் போய்க் கணவனுக்குப் போன் போட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதி நேரம் ஏதாவது கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருப்பான். ஜக்கோபியனைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அவளைப் பற்றி நன்றாகத் தெரியும்.

"கையெழுத்துப் போடலைன்னா கட்டு நகராதா?"

"நகராது."

"அப்போ நீ பிரேக். பிரேக் பிடிச்சா எல்லாரும் திட்டத்தான் செய்வாங்க. லிஃப்ட் விழுந்தா யாரு திட்டுறதுக்கு இருப்பாங்க?" பிறகு, "வேலை போயிடுமா?" என்று கேட்டான்.

"போனாலும் போகும்."

"நாலு வருஷம் ஆச்சேடி."

"தெரியும்."

"சரி," என்றான் அவன். அந்த ஒரு சொல்லில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. "நீ முடிவு பண்ணிட்டுத்தான் போன் போட்டிருக்கே. என்கிட்ட எதுக்கு நடிப்பு? போய்ச் சாப்பிடு."

அவள் சாப்பிடவில்லை. திரும்பி வந்து முதல் கட்டை முடித்தாள். சரியாகப் போட்ட மூன்று பேருக்கும் பன்னிரண்டு. மனப்பாடம் செய்து u என்று எழுதியவர்களுக்கு ஜக்கோபியனுக்கும் அடர்த்திக்குமான ஏழு மார்க் கிடையாது. பிறகு பழுப்பு அட்டையை எடுத்தாள். "அங்கீகரிக்கப்பட்ட விடைக்குறிப்பின்படி திருத்தப்பட்டது" என்ற அச்சு வரியை ஒரே கோட்டில் அடித்தாள். அதற்குக் கீழே, "விடைக்குறிப்பு தவறு. கணக்கின்படி திருத்தப்பட்டது" என்று எழுதினாள். அதற்கும் கீழே நான்கு வகைக்கெழுக்கள், அணிக்கோவை, ஜக்கோபியன் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, அடியில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்துகள் கொட்டைக் கொட்டையாக இருந்தன. பயந்தவள் எழுதிய எழுத்து என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது கட்டுக்கும் அதேதான்.

கட்டு வாங்கும் ஊழியர் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "மேடம், இது என்ன கோலம்? நான் சீல் போடக்கூட இடமே இல்லையே."

"வரவு வச்சுக்கோங்க அண்ணே."

"நான் வரவு வச்சா என்னைத் திட்டுவாங்க. நீங்களே சீஃப்கிட்ட கொண்டுபோய்க் கொடுங்க."

"கொடுக்க மாட்டேன். நீங்க வாங்கலைன்னா இங்கேயே இருக்கட்டும்."

இரண்டு கட்டும் அன்று கூடம் மூடும்வரை வாசல் மேசையிலேயே கிடந்தன. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கழுத்தை நீட்டிப் படித்துவிட்டுப் போனார்கள். தேநீர் வேளையில் இரண்டு பேர் ஒரு மூலையில் ஒதுங்கித் தாளில் ஏதோ போட்டுப் பார்த்தார்கள், போட்டு முடித்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். விடை தெரிந்தவுடன் அதை ஒளித்துவைக்கிற படிப்பாளிகளைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும். அன்றைக்கும் எரிந்தது.

மறுநாள் காலையில் டிக் முகம் கோணலாக வந்து உட்கார்ந்தார். "நேத்து வீட்டுல போட்டுப் பார்த்தேன். நீ சொன்னதுதான்மா சரி. ஆனா நான் பதிமூணு பேருக்கு முழு மார்க் போட்டுக் கையெழுத்தும் போட்டுட்டேனே."

"திரும்ப வாங்கித் திருத்துங்க சார்."

"பூனைக்கு மணி கட்டச் சொல்றியா? எனக்கு இன்னும் ரெண்டு பெண்ணு கல்யாணம் இருக்கு." சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் அது அவர்மேல் அல்ல.

மூன்றாவது கட்டின் அட்டையிலும் கணக்கு ஏறியது. அதற்குள் விஷயம் தேர்வு அதிகாரியின் காதுக்கு எட்டிவிட்டது. பதினொரு மணிக்கு அவரே கூடத்துக்கு வந்தார். வேதியியல் பேராசிரியையாக இருந்து அதிகாரியானவர். கையில் அவளுடைய மூன்று அட்டைகள். சீஃப் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கூடத்தில் நூறு பேனாக்கள் ஒரே சமயத்தில் நின்றுபோயின.

"யாரு இதை எழுதினது?"

"நான்தான் மேடம்."

"கீயை மீறித் திருத்தினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். கீயைப் பின்பற்றினா என்ன ஆகும்னும் தெரியும்."

சீஃப் குறுக்கே வந்தார். "மேடம், இது டெக்னிக்கல் விஷயம். துறைக்குள்ள நாங்க பேசிக்கிறோம்."

"அட்டையில எழுதினதுக்கு அப்புறம் துறைக்குள்ள எங்க இருக்கு?" என்றார் அதிகாரி. பிறகு டெரிவேஷனிடம் திரும்பினார். "நான் கெமிஸ்ட்ரி. ஜக்கோபியன் எல்லாம் எப்பவோ படிச்சு எப்பவோ மறந்தது. எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. இல்லைன்னா இந்த மூணு அட்டையையும் நான் ரத்து பண்ண வேண்டியிருக்கும்."

சுவரில் கட்டு எண்ணிக்கை எழுதும் வெள்ளைப் பலகை ஒன்று இருந்தது. டெரிவேஷன் அதன் கீழ்ப் பாதியைத் துடைத்தாள். மார்க்கரை எடுத்தாள்.

"மேடம், கணக்கே வேண்டாம். கீ சொல்ற விடையை மட்டும் எடுத்துக்கலாம். u·e⁻ᵘ. இதுல v-யே இல்லை. அதாவது விகிதம் எங்க இருந்தாலும் ஒரே அடர்த்தி. u-வை முழுக்கக் கூட்டினா ஒண்ணு வருது. அப்போ விகிதம் ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல இருக்க வாய்ப்பு எவ்வளவு? கீப்படி, ஒண்ணு. அதாவது நிச்சயம்."

"சரி."

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல?"

அதிகாரி பலகையைப் பார்த்தார். "அதுவும் ஒண்ணு."

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல?"

"ஒண்ணு." அவர் குரல் மாறியது. "ஒரே விகிதம் எல்லா இடத்துலயும் நிச்சயமா இருக்குமா?"

"அதைத்தான் மேடம் கீ சொல்லுது. போன வருஷம் v பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல மட்டும் இருந்தது, அதனால இது சரியா வந்துச்சு. இந்த வருஷம் v எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகும். போகப் போக அடர்த்தி குறைஞ்சே ஆகணும். அந்தக் குறையிற கணக்குதான் ஜக்கோபியன்." பலகையில் ஒரு சின்னச் சதுரம் போட்டாள். "u, v தாள்ல ஒரு கட்டம் வரையிறோம். அது x, y தாள்ல எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு சொல்ற எண் அது. v பெருசாக ஆக, அதே கட்டம் x, y தாள்ல சுருங்கிக்கிட்டே போகுது. u/(1+v)². இப்போ மறுபடி கேளுங்க. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல, அரையிலேர்ந்து மூணுல ஒண்ணைக் கழிச்சா, ஆறுல ஒரு பங்கு. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல பன்னெண்டுல ஒரு பங்கு. பூஜ்யத்துலேர்ந்து எல்லாத்தையும் கூட்டினா சரியா ஒண்ணு."

கூடத்தின் பின்பக்கத்திலிருந்து யாரோ "ஆமாம், சரிதான்" என்றார்கள். தேநீர் வேளையில் தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்ட இருவரில் ஒருவர்தான். நல்ல வேளை, இப்போதாவது வாய் திறந்தது. டிக்கும் எழுந்து நின்றார். "எனக்கும் அதேதான் வருது மேடம். என்னோட கட்டைத் திரும்ப வாங்கிக்கணும்."

அதிகாரி சீஃபைப் பார்த்தார். சீஃப் பலகையைப் பார்த்தார்.

"உள்ள வாங்க ரெண்டு பேரும்," என்றார் அதிகாரி.

உள்ளே என்பது பக்கத்தில் இருந்த சின்ன அலுவலக அறை. ஒரு மேசை, இரண்டு பீரோ, சன்னலோரம் ஒரு பிரின்டர். சீஃப் உட்காரவே இல்லை, நின்றபடியே ஒரு தாளில் எழுதி அதிகாரியிடம் நீட்டினார். திருத்தச் சுற்றறிக்கையின் வரைவு. "பதினான்காம் கேள்விக்கான விடைக்குறிப்பின் அடர்த்தி வரியில் அச்சுப்பிழை. u·e⁻ᵘ என்பதை u·e⁻ᵘ/(1+v)² என்று வாசிக்கவும்." அதோடு அவளுடைய நீட்டிப்புக் கோப்பையும் எங்கிருந்தோ எடுத்து மேசைமேல் வைத்தார். மூடி திறந்த பேனா ஒன்று அதன்மேல்.

"எல்லாருக்கும் நல்லது," என்றார். "பசங்களுக்கு மார்க் கிடைக்கும். எனக்கு மரியாதை நிக்கும். சுற்றறிக்கையில ஒரு திருத்துநர் கையெழுத்து வேணும். நீங்க ஒண்ணு போடுங்க. நான் உங்க ஃபைல்ல ஒண்ணு போடுறேன்."

கோப்பின் மேலட்டையில் அவள் பெயர் இருந்தது. ஐந்தாம் வருஷம் என்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அவளுக்கு ஆசை வந்தது. நாக்கில் தண்ணீர் ஊறுகிற மாதிரி ஆசை. நாலு வருஷமாக ஒவ்வொரு கோடையிலும் யார் காலைப் பிடிப்பது என்று தவித்தவளுக்கு ஆசை வராமல் இருக்குமா? அவள் பேனாவை எடுத்தாள். வரைவை இன்னொரு தடவை படித்தாள்.

"அடர்த்தி வரி மட்டும்தானா சார்?"

"அதானே விடை."

"மேல ஜக்கோபியன் வரி u-ன்னே இருக்கே. அதுக்குத்தானே நாலு மார்க்."

"ரெண்டு வரியிலயும் அச்சுப்பிழைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க." சீஃப் பொறுமையை இழந்துகொண்டிருந்தார். "அந்த வரி அப்படியே இருக்கட்டும். மனப்பாடம் பண்ணவங்களுக்கும் ஏதாவது கிடைக்கட்டும்."

"ஜக்கோபியன் u-ன்னு போட்டா, அடுத்த வரியில எப்படி சார் (1+v)² வரும்? நடுவுல யாரு வந்து வகுத்தாங்க?" அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "சரியாப் போட்டவனுக்கு இந்தக் கீப்படி ஜக்கோபியன்ல பூஜ்யம். தப்பாப் போட்டவனுக்கு நாலு. இதுக்குத்தான் என் கையெழுத்து வேணுமா?"

"நாலே நாலு மார்க், மேடம்!"

"இந்தக் கணக்குல வேற என்ன சார் இருக்கு? கேள்வியே அந்த நாலு மார்க்தான். மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வர்ற கூட்டம்."

அவள் வரைவில் "அச்சுப்பிழை" என்ற சொல்லை அடித்தாள். "பிழை" என்று எழுதினாள். "அடர்த்தி வரியில்" என்பதை அடித்துவிட்டு, "ஜக்கோபியன் வரியிலும் அதைத் தொடரும் வரியிலும்" என்று எழுதினாள். ஜக்கோபியன் = u/(1+v)², 4 மார்க். எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிக் கோப்பின்மேல் திரும்ப வைத்தாள்.

"இப்ப இது சரி. இதுல கையெழுத்துப் போட்டாச்சு. அதுல போடுறதும் போடாததும் உங்க இஷ்டம் சார்."

அதிகாரி வரைவைக் கையில் எடுத்து மெல்லப் படித்தார். "இதுவே போகட்டும். நாலு சென்டருக்கும். திருத்தி முடிஞ்ச கட்டு எல்லாம் திரும்ப வரட்டும்." சொல்லிவிட்டு பிரின்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நீட்டிப்புக் கோப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது துறை விவகாரம். அதிகாரிகள் நியாயத்தை அளந்துதான் கொடுப்பார்கள், கூடக் கேட்டால் கிடைக்காது.

சீஃப் கோப்பை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கதவருகே நின்று, "அடுத்த வருஷம் இந்தக் கூடத்துல உங்களுக்கு நாற்காலி இருக்காது," என்றார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"இருக்காதுன்னா நின்னுக்கிட்டுப் போடுறேன் சார், வேற எங்கயாவது. கணக்கு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான் வரும்."

சொல்லிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினாள்.

பிற்பகல் முழுக்கக் கூடம் சந்தைக்கடை மாதிரி இருந்தது. கட்டுகள் திரும்பி வந்தன. பலர் முணுமுணுத்தார்கள், ஒரு நாள் வேலை வீண் என்று. சிலர் அவளைக் கடக்கும்போது வேண்டுமென்றே சத்தமாக மூச்சு விட்டார்கள். டிக் மட்டும் வாயே திறக்காமல் பதிமூன்று தாள்களிலும் மார்க்கை அடித்து மாற்றிக்கொண்டிருந்தார், வாழ்க்கையில் முதன்முறையாக மெதுவாக. அவள் நாலாவது கட்டைப் பிரித்தாள்.

ஒன்பதாவது தாள். பதினான்காவது கேள்வி. ஒல்லியான, சாய்ந்த கையெழுத்து. x, y கண்டுபிடித்தாயிற்று. நான்கு வகைக்கெழுக்கள் சரி. அணிக்கோவை சரி. மைனஸ் u/(1+v)². குறியை நீக்கியதும் சரி. கூட்டு அடர்த்தி, u·e⁻ᵘ/(1+v)². இரண்டு பகுதியாகப் பிரித்து, ஆதலால் சாராதவை என்று எழுதியதும் சரி. ஒரு பிழை கிடையாது. அவளே போட்டிருந்தால்கூட இவ்வளவு அழகாகப் போட்டிருப்பாளா என்று தெரியாது.

x, y வரிகளை மட்டும் விட்டுவிட்டு, மற்ற அத்தனையின்மேலும் குறுக்கே ஒரு கோடு. மேலிருந்து கீழ்வரை, ஸ்கேல் வைத்து அடித்த கோடு. கீழே புதிதாக எழுதியிருந்தது: ஜக்கோபியன் = u. கூட்டு அடர்த்தி u·e⁻ᵘ. சாராதவை. அதற்குக் காரணமும் உண்டு. அச்சு அசலாகப் போன வருஷ விடை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சொந்தமாகப் போட்டு முடித்திருக்கிறது இந்தப் பிள்ளை. பிறகு கைடில் படித்தது ஞாபகம் வந்திருக்கிறது. புத்தகத்தில் இருப்பது வேறாக இருக்கிறதே, நாம்தான் தப்பாக இருப்போம் என்று பயந்திருக்கிறது. ஸ்கேலை எடுத்திருக்கிறது.

அடித்த விடையைத் திருத்தக் கூடாது, கடைசியாக எழுதியதைத்தான் திருத்த வேண்டும். அது விதி. நியாயமான விதியும்கூட, இல்லையென்றால் எல்லோரும் இரண்டு விடை எழுதிவைத்துவிட்டு எது சரியோ அதை எடுத்துக்கொள் என்பார்கள். இன்று காலை நூறு பேர் நடுவில் நின்று சரியானதற்குத்தான் மார்க் என்று சண்டை போட்டவள் அவள். இப்போது அதே வாயால் இதற்கு விலக்குக் கேட்க முடியாது. உருமாற்றத்துக்கு இரண்டு. ஜக்கோபியனுக்குப் பூஜ்யம். அடர்த்திக்குப் பூஜ்யம். சாராமைக்கு மூன்று. அவள் பூஜ்யத்தைப் போட்டபோது பேனா தாளைக் கிழிக்கப் பார்த்தது.

கண் நிறைந்துவிட்டது. வேலை போகிறது என்று தெரிந்தபோது வராத கண்ணீர். யார் பெற்ற பிள்ளையோ, பெயர்கூடத் தெரியாது, வெறும் எண்தான்.

விடைத்தாளில் திருத்துநர் மார்க்கைத் தவிர எதுவும் எழுதக் கூடாது. அதுவும் விதி. மாணவர்கள் கேட்டால் திருத்திய தாளின் நகலைக் கொடுப்பார்கள் என்பதால் போட்ட விதி. அந்த விதியை மதிக்க அன்றைக்கு அவளிடம் பொறுமை மிச்சம் இல்லை. ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினாள்:

"நீ முதலில் போட்டதுதான் சரி. ஒவ்வொரு வரியும் சரி. இனிமேல் எவன் சொன்னாலும் அடிக்காதே."

கீழே தன் பெயரைப் போட்டாள். டிக் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கும் கூப்பிட்டுக் கேட்பாங்களே," என்றார்.

"கேட்கட்டும்," என்றாள் அவள். பத்தாவது தாளைத் திருப்பினாள்.